அஞ்சடி முதல் முப்பது மீட்டர் வரை



தனியார் நிலத்தின் வழியே தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் சாக்கடையும் போகும்போது நில உரிமையாளருக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பு பெரியது. நான் லிட்டில் இந்தியாவை விட்டு அதிகம் வெளியே போகப்போவதில்லை. சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டை எடுத்துக்கொண்டு, முன்வாசலிலிருந்து கொல்லைப்புறம் வரை நடந்து, பிறகு அதன் அடியில் இறங்கிப் பார்த்தாலே இந்த ஊரின் சட்டம் முழுவதும் தெரிந்துவிடும்.

முன்வாசலில் தொடங்குவோம். கடைவீட்டின் முகப்பில் கூரைக்குக் கீழே ஒரு நடைபாதை இருக்கிறது. நம் மக்கள் அதை அஞ்சடி என்பார்கள். 1822இல் ராஃபிள்ஸ் நகரக் குழுவுக்குக் கொடுத்த கட்டளைகளில், ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் தொடர்ச்சியான, கூரையிட்ட, திறந்த வழி இருக்க வேண்டும் என்று எழுதினார். நிலம் பல இடங்களில் வீட்டுக்காரரின் பட்டாவில்தான் இருக்கிறது. நடப்பவர்கள் ஊர்மக்கள். கடைக்காரர்கள் அந்த இடத்தில் சரக்கை அடுக்க, நகராட்சி அதை அகற்றப் போக, 1888 பிப்ரவரியில் கலவரமே மூண்டது. கடைகள் அடைக்கப்பட்டன, டிராம் வண்டிகள் மீது கல் விழுந்தது. அப்போது நகராட்சித் தலைவராக இருந்தவர் டாக்டர் ரோவெல். லிட்டில் இந்தியாவில் இருக்கும் ரோவெல் ரோடு அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்தத் தெருவில் இன்றும் அஞ்சடியில் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

அஞ்சடியை ஏன் சொல்கிறேன் என்றால், தனியார் நிலத்தில் பொது வழி, அதற்கு நஷ்டஈடு இல்லை என்ற ஏற்பாட்டுக்கு இந்த ஊரில் அதுதான் மூத்த உதாரணம். கட்டிடம் கட்ட அனுமதி வேண்டுமா, இந்த இடத்தை விட்டுக் கட்டு. கட்டளையாக வந்ததால் அது விலை கொடுத்து வாங்கியதாக ஆகவில்லை. பின்னாளில் வீட்டுக்குப் போகும் தண்ணீர்க் குழாயும் மின்கேபிளும் அந்த நடைபாதைக்கு அடியில்தான் நுழைந்தன.

இனிக் கொல்லைப்புறம். பழைய கடைவீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்டவை. பின்பக்கம் வழி கிடையாது. மலக்கூடையை முன்வாசல் வழியாக, கடையையும் சமையலையும் தாண்டித்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சுகாதாரத்தை ஆராய வந்த பேராசிரியர் சிம்சன் 1907இல் கொடுத்த அறிக்கையில் இந்த வரிசைகளைப் பின்னாலிருந்து அறுத்து, இரண்டு வரிசைக்கும் நடுவில் பின்சந்து விடச் சொன்னார். 1927இல் அமைந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் அந்த வேலையைப் பல பத்தாண்டுகள் செய்தது. பின்சந்து என்றால் சும்மா வந்துவிடாது. ஒவ்வொரு வீட்டின் வாலையும் வெட்ட வேண்டும். சமையலறையும் குளியலறையும் போகும். அங்கே நடந்த பேரங்கள் தனி வரலாறு. நமக்கு வேண்டியது விளைவு மட்டும்: கூடை தூக்க வெட்டிய சந்துகளுக்கு அடியில் பின்னாளில் கழிவுநீர்க் குழாய் போனது. கூடை முறை 1987இல் முற்றிலும் ஒழிந்தது. சந்து மட்டும் குழாய்க்காக நிலைத்தது.

ஆனால் எல்லா வரிசைக்கும் சந்து கிடைக்கவில்லை. சந்து அரைகுறையாக நின்ற இடங்களில் பொதுக் கழிவுநீர்க் குழாய் வீட்டின் பின்முற்றத்துக்கு அடியிலேயே, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஓடுகிறது. முற்றத்தில் ஒரு மேன்ஹோல் மூடி இருக்கும். வீட்டுக்காரர் அதைத் தன் வீட்டுச் சாக்கடை என்று நினைத்து மேலே கேஸ் அடுப்பை வைத்திருப்பார். அது அவருடையதல்ல. கழிவுநீர், வடிகால் சட்டம் 1999இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பொதுக் குழாய் யார் மனைக்கு அடியில் போனாலும் அது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு, அதன் உடைமை. மண் வீட்டுக்காரருடையது, மண்ணுக்குள் இருக்கும் குழாய் கழகத்துடையது. இந்த இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் 5 மீட்டர், நீளம் 25 மீட்டர், மனை 125 சதுர மீட்டர். முன்னால் அஞ்சடி 2 மீட்டர் ஆழம். அதில் 10 சதுர மீட்டர். பின்முற்றத்தில் குறுக்காக, இரண்டரை மீட்டர் ஆழத்தில், 225 மில்லிமீட்டர் குழாய். குழாயின் இரு பக்கமும் ஆழத்தைப் பொறுத்து இடம் விட வேண்டும். ஆழம் கூடக் கூட அந்த அகலமும் கூடும். நம் குழாய்க்குப் பக்கத்துக்கு ஒரு மீட்டர் என்று கொள்வோம். மொத்தம் 2.2 மீட்டர் அகலம், 11 சதுர மீட்டர். இரண்டையும் கூட்டினால் 21. மனையில் ஆறில் ஒரு பங்கில் உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு எதையும் செய்ய முடியாது. அந்தப் பங்குக்கும் அவர் விலை கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறார்.

இதற்கு நஷ்டஈடு உண்டா? குழாய் அங்கே இருப்பதற்காக என்றால், கிடையாது. குழாய்க்கு மேல் கட்ட முடியாமல் போனதற்கும் கிடையாது. கழகத்தின் ஆட்கள் உள்ளே வந்து வேலை செய்யும்போது சுவர், தளம், சாமான் சேதமானால் அதற்கு உண்டு. இருப்புக்குக் காசில்லை, இடிபாட்டுக்குக் காசு என்று சுருக்கிச் சொல்லலாம்.

இதைக் கேட்டால் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு வியப்பாக இருக்கும். கெயில் எரிவாயுக் குழாய் விவகாரம் நினைவிருக்கலாம். கோயம்புத்தூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விவசாயிகள் எதிர்த்தார்கள். உச்ச நீதிமன்றம் 2016 பிப்ரவரியில் குழாய்க்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அங்கே 1962ஆம் ஆண்டின் குழாய்ச் சட்டம் பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டு, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு கொடு என்கிறது. சேதத்துக்குத் தனி. விவசாயிகள் அந்தப் பத்து போதாது என்றார்கள், அவர்கள் சொன்னது நியாயம். தென்னை நட முடியாத தோப்பின் மதிப்பு பத்து விழுக்காடு மட்டுமா குறைகிறது? ஆனாலும் அங்கே ஒரு விழுக்காடு எழுதப்பட்டிருக்கிறது. பேரம் பேச ஒரு புள்ளி இருக்கிறது. கழிவுநீர்க் குழாய்க்கு சிங்கப்பூரில் அப்படி ஒரு விழுக்காடு இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு ஒரு காரணம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. மலேசிய அரசியலமைப்பின் 13ஆம் பிரிவு, போதிய இழப்பீடு இல்லாமல் சொத்தை எடுக்கக் கூடாது என்கிறது. 1965இல் பிரிந்தபோது சிங்கப்பூர் அந்தப் பிரிவை வேண்டுமென்றே எடுத்துக்கொள்ளவில்லை. 1966இல் வீ சோங் ஜின் தலைமையிலான ஆணையம் சொத்துரிமையைச் சேர்க்கப் பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் வேண்டியிருந்த காலம் அது. ஆகவே இங்கே நஷ்டஈடு என்பது அந்தந்தச் சட்டம் கொடுக்கும் அளவுதான். சட்டம் வாய் திறக்காத இடத்தில் நீதிமன்றத்தில் போய்க் கேட்க அடிப்படை உரிமை என்று ஒன்று இல்லை.

சரி, நிலத்தையே எடுத்துக்கொண்டால்? அங்கே நிலைமை வேறு, அதுவும் காலத்தோடு மாறியது. 1966இன் நிலக் கையகப்படுத்தல் சட்டம் திருத்தப்பட்டு, 1973 நவம்பர் 30ஆம் தேதி விலைக்கு மேல் கொடுப்பதில்லை என்று ஆயிற்று. 1980களின் தொடக்கத்தில் நிலம் போனவருக்கும் அந்தப் பழைய விலைதான். அந்தத் தேதி பிறகு சில முறை முன்னே நகர்த்தப்பட்டது. 2007இல்தான் முழுச் சந்தை விலை என்ற நிலைக்கு வந்தார்கள். இன்று நடைமுறை இதுதான்: அரசிதழில் அறிவிப்பு வரும்; சிங்கப்பூர் நில ஆணையத்தில் இருக்கும் நிலவரி ஆட்சியர் உரியவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பி விசாரிப்பார்; தொகையை அறிவிப்பார்; ஒப்பவில்லையென்றால் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். மீதி நிலம் துண்டாகிப் போனதால் வரும் நட்டமும் கணக்கில் சேரும்.

இப்போது வடிகாலுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இந்த விஷயத்திலேயே கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ரோச்சோர் கால்வாய் நம் வட்டாரத்தின் பெரிய வடிகால். பெய்யும் மழையெல்லாம் தெருவோர லோங்காங் வழியாக அங்கே போய்ச் சேர வேண்டும். கால்வாயை அகலப்படுத்த எதிர்காலத்தில் இடம் வேண்டும் என்பதற்காகக் கழகம் சில மனைகளுக்குள் ஒரு கோட்டைப் போட்டு வைக்கும். அந்தக் கோட்டுக்கு உட்பட்டது வடிகால் ஒதுக்கு நிலம். இன்று அங்கே உங்கள் சுவர் நிற்கும், பூந்தொட்டி நிற்கும். பட்டா உங்களிடம்தான். வடிகால் விளக்கப் படம் என்று கழகத்திடம் பணம் கட்டி வாங்கினால்தான் கோடு தெரியும்.

அந்தத் துண்டு நிலம் கைமாற இரண்டு வழி இருக்கிறது. கழகத்துக்கு அவசரம் வந்து முதலில் அசைந்தால், நிலத்தைக் கையகப்படுத்த வேண்டும், சந்தை விலை கொடுக்க வேண்டும். உரிமையாளர் முதலில் அசைந்து, பழைய கட்டிடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட விண்ணப்பித்தால், அனுமதியின் நிபந்தனையாக அந்தத் துண்டை அரசுக்கு இலவசமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதே நிலம், அதே வடிகால், அதே உரிமையாளர். யார் முதலில் விண்ணப்பம் போட்டார் என்பதை வைத்து ஒருவருக்கு முழு விலை, இன்னொருவருக்குச் சுழியம். சாலை விரிவாக்கக் கோட்டிலும் இதே கதைதான்.

இதற்கு அதிகாரிகள் சொல்லும் நியாயம் எனக்குத் தெரியும். கட்டுமான அனுமதி என்பது உரிமை அல்ல, சலுகை. புதிய கட்டிடம் வடிகாலுக்குப் புதிய சுமை. அதன் விலையில் ஒரு பங்கு இந்த நிலம் என்பார்கள். மனையின் கட்டுமான அளவைக் கணக்கிடும்போது விட்டுக்கொடுத்த நிலத்தையும் சேர்த்துக்கொள்ள அனுமதிக்கும் இடங்களும் உண்டு; அப்போது இழப்பு உயரத்தில் ஈடாகும். பெரிய மனையில் இது சரி. ஐந்து மீட்டர் அகலக் கடைவீட்டில், அதுவும் 1989இல் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்ட லிட்டில் இந்தியாவில், உயரத்தை எங்கே கூட்டுவது? சலுகை காகிதத்தில் இருக்கும், கட்டிடத்தில் வராது.

பாதுகாப்பு வட்டாரம் என்றதும் முன்பு போட்ட கணக்குக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. பின்முற்றத்தில் 11 சதுர மீட்டர் போயிற்று என்றேன். ஒரு கெட்டிக்கார வழக்குரைஞர், குழாயால் என் கட்சிக்காரர் சமையலறை கட்ட முடியவில்லை, அந்த வாடகை இழப்பைக் கொடுங்கள் என்று கேட்டால் என்ன ஆகும்? எதிர்த்தரப்பு ஒரே கேள்வி கேட்கும்: குழாய் இல்லாவிட்டால் கட்டியிருக்க முடியுமா? நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் அந்தப் பின்முற்றத்தைத் திறந்த வெளியாகவே வைக்கச் சொல்கின்றன. ஆக, இழப்பு குழாயால் வந்தது என்று காட்ட முடியாது. இரண்டு தடைகள் ஒரே துண்டின் மேல் விழும்போது ஒவ்வொன்றும் மற்றதன் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

ஆகையால் கடைவீடு வாங்குபவர்களுக்கு நான் சொல்வது: கிரயப் பத்திரத்தைப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். கழிவுநீர்க் குழாய்ப் படம், வடிகால் படம், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் சாலைப் படம், மூன்றையும் உங்கள் வழக்குரைஞர் வாங்க வேண்டும். பத்திரத்தில் இந்தக் குழாய் பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் அது யாரும் எழுதிக்கொடுத்த உரிமை அல்ல, சட்டத்திலிருந்து நேராக வருவது. படத்தில் கோடு இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வாங்கிய பிறகு யாரும் குறைத்துத் தர மாட்டார்கள்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் தலைக்கு மேல் கம்பி ஓடும் ஊர் அல்ல இது. தமிழ்நாட்டில் கோபுர அடிக்கு எவ்வளவு, கம்பிக்குக் கீழே எவ்வளவு என்று சண்டை. இங்கே உயர் அழுத்தக் கேபிள்களே மண்ணுக்கு அடியில் ஓடுகின்றன, பெரும்பாலும் சாலைக்குக் கீழே. மின்சாரச் சட்டம் உரிமம் பெற்ற நிறுவனத்துக்கு நோட்டீஸ் கொடுத்துத் தனியார் நிலத்தில் கேபிள் பதிக்கும் அதிகாரத்தைத் தருகிறது. கூடவே குறைந்த சேதத்தோடு செய், செய்த சேதத்துக்குக் கொடு என்கிறது. பெரிய கட்டிடம் கட்டுபவர் தன் இடத்திலேயே துணைமின்நிலையத்துக்கு அறை ஒதுக்க வேண்டும். அதுவும் அஞ்சடி மாதிரிதான், அனுமதியோடு ஒட்டி வருவது.

புதுமை ஆழத்தில் இருக்கிறது. எஸ்பி குழுமம் தோண்டிய இரண்டு மின்கேபிள் சுரங்கங்கள், வடக்கு-தெற்காகவும் கிழக்கு-மேற்காகவும், சேர்ந்து 35 கிலோமீட்டர். ஆழம் சுமார் 60 மீட்டர். கழிவுநீருக்கு இதேபோல் ஆழ்சுரங்கம் இருக்கிறது. அதன் முதற்கட்டம் கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர், 2008இல் முடிந்தது. இப்படி ஆழத்தில் போகும்போது மேலே இருக்கும் மனைக்காரரிடம் கேட்க வேண்டுமா? பழைய சட்டம், நிலத்தை அனுபவிக்க நியாயமாகத் தேவைப்படும் அளவுக்குக் கீழே உனக்குச் சொந்தம் என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிட்டது. 2015இல் அரசு நிலச் சட்டத்தைத் திருத்தி எண்ணைப் போட்டார்கள்: பத்திரம் வேறாகச் சொன்னாலொழிய, சிங்கப்பூர் உயர அளவைக்கு 30 மீட்டர் கீழே வரைதான் தனியாருக்கு. அதற்குக் கீழே அரசுக்கு. அதோடு, மேல்நிலத்தைத் தொடாமல் ஒரு அடுக்கை மட்டும் கையகப்படுத்தவும் வழி செய்தார்கள்.

இந்த 30 மீட்டர் உங்கள் வாசற்படியிலிருந்து அளப்பதல்ல, கடல்மட்டத்தை ஒட்டிய அளவையிலிருந்து. தேக்கா பக்கம் தரை அந்த அளவைக்குச் சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆகவே அங்கே வீட்டுக்காரருக்கு முப்பத்துச் சொச்சம் மீட்டர் ஆழம் சொந்தம். புக்கிட் தீமா மேட்டில் பங்களா வைத்திருப்பவருக்கு அதைவிட மிக அதிகம். அறுபது மீட்டரில் போகும் சுரங்கம் தேக்காவில் யார் மனைக்கும் உட்பட்டதல்ல. அதற்கு நஷ்டஈடு என்ற பேச்சே எழாது.

மனைக்கு உட்படாத சுரங்கமும் வீட்டை அசைக்கலாம். ரோச்சோர் தாழ்நிலம் கடற்களிமண். தோண்டும்போது நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் கசிந்தால், மேலே களிமண் மெல்ல மெல்ல இறுகி உட்காரும். பழைய கடைவீடுகளுக்கு ஆழமான அடித்தளம் இல்லை. முன்பகுதியும் பின்கட்டும் வெவ்வேறு அடித்தளத்தில் நிற்பதால், இரண்டும் சேரும் இடத்தில்தான் முதலில் விரிசல் விழும். அடுத்து ஜன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும். இந்தச் சேதத்துக்கு நஷ்டஈடு கேட்கலாம், ஆழம் எதுவானாலும். கிடைப்பது கேட்பவர் கையில் இருக்கும் ஆதாரத்தைப் பொறுத்தது.

வேலை தொடங்குமுன் ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து ஒவ்வொரு அறையையும் படமெடுப்பார். அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்களுக்கு ஒரு பிரதி கேளுங்கள். அவர் விட்ட மூலைகளை நீங்கள் அளவுகோல் வைத்துப் படமெடுத்துத் தேதியோடு வையுங்கள். முக்கியமான விரிசலின் மேல் அளவுத் தகடு ஒட்டச் சொல்லுங்கள். பழைய விரிசலின் உள்ளே தூசியும் சுண்ணாம்பும் இருக்கும், விளிம்பு மழுங்கியிருக்கும். புதியதன் விளிம்பு கூராகவும் உள்ளே சுத்தமாகவும் இருக்கும். மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பொதுக்குழாயைச் சீர்செய்ய வரும்போதும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். 1996 முதல் கழகம் பழைய குழாய்களைத் தோண்டாமலேயே சீர்செய்துவருகிறது: பிசின் ஊறிய உறையைப் பழைய குழாய்க்குள் செலுத்திச் சூடாக்கி இறுக வைப்பார்கள். பிறகு வீட்டு இணைப்புகளின் வாயை உள்ளிருந்தே வெட்டித் திறப்பார்கள். ஒரு வாயைத் திறக்க மறந்தால் அந்த வீட்டுக் கழிப்பறை அன்று மாலையே பொங்கும். தரை வடிகாலின் வளைவில் தண்ணீர் வற்றியிருந்தால் பிசின் நெடி வீட்டுக்குள் ஏறும். நோட்டீஸ் வந்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி வைத்தால் போதும்.

கடைசியாக ஒன்று. சேதம் நேர்ந்தால் உங்களிடம் வருபவர் கழக அதிகாரியாக இருக்க மாட்டார். ஒப்பந்தக்காரரின் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய மதிப்பீட்டாளர் வருவார். பூச்சு வேலைக்கு ஒரு தொகை சொல்லி, இதோடு எல்லாம் முடிந்தது என்ற தாளை நீட்டுவார். களிமண் உட்காருவது மாதக்கணக்கில் நடக்கும் வேலை. சுற்றிலும் பதித்திருக்கும் நிலமட்டக் குறிகளின் அளவுகள் ஒரே நிலைக்கு வந்துவிட்டனவா என்று கேளுங்கள். வரவில்லையென்றால் அவசரப் பழுதுக்கான பணத்தை மட்டும், இறுதித் தொகை அல்ல என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தீங்குக்கான வழக்குக்குப் பொதுவாக ஆறு ஆண்டு அவகாசம் உண்டு, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதவருக்கு.